பனியன் தெரியாத படம்

பிச்சைமுத்துவுக்கு மனிதர்களின் முகம் மறந்துபோகும். பனியன் மறக்காது. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அவன் போட்டோ ஸ்டுடியோவும் என் தையற்கடையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ரோட்டில் போகிற ஆளைக் காட்டி, "இவன் யாரு தெரியுமா? இடது பக்கம் அக்குள்ல கிழிஞ்சவன்" என்பான். பேர் கேட்டால் தெரியாது.

தொழில் அப்படி. அப்போது வாயில், டெரிலின் என்று கண்ணாடி மாதிரி வெள்ளைத் துணி வந்து ஊரெல்லாம் சட்டையாகத் திரிந்தது. போட்டோவில் அந்தச் சட்டை எமன். உள்ளே கை இல்லாத பனியன் போட்டிருந்தால், பனியன் இருக்கிற இடம் வெள்ளையாகவும், தோள்பட்டையில் கறுத்த தோல் மேல் சட்டை மட்டும் படிந்த இடம் சாம்பலாகவும் விழும். நடுவில் பனியன் பட்டை இரண்டும் கோடு போட்ட மாதிரி தெரியும். பனியனில் ஓட்டை இருந்தால் அந்த ஓட்டையும் சாம்பல் புள்ளியாக விழும். பெண்கள் ரவிக்கைக்குள் போடும் பாடியும் அப்படித்தான். அதற்கு அவன் பெண்டாட்டி விஜயலட்சுமி இருந்தாள். பட்டையை ரவிக்கையின் தோள் தையலோடு சேர்த்து ஊக்கு குத்தி, மாராப்பை இரண்டு மடிப்பாக மேலே இழுத்துவிட்டு, "இப்ப எடு" என்பாள்.

ஆண்களுக்கு வைத்தியம் வேறு. சட்டைக்குள் வெள்ளைத் துண்டைத் தோள் வரைக்கும் பரப்பிவிட்டால் எல்லா இடமும் ஒரே வெள்ளையாகிவிடும். விளக்கைப் பக்கவாட்டில் வைக்காமல் நேராக வைத்தால் கோடு மங்கும். அதற்கும் மேலே ஸ்டுடியோ கோட்டு ஒன்று ஆணியில் தொங்கும். ஆனால் துண்டும் கோட்டும் எல்லாருக்கும் கிடையாது. வந்தவன் யார், எவன் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துத்தான் கொடுப்பான். மற்றவர்களை உட்காரவைத்து கேமராவை ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிடுவான். "பனியன் தெரியுதேண்ணே" என்று யாராவது படத்தோடு வந்து நின்றால், "நீ போட்டுக்கினு வந்தது தெரியுது, நானா போட்டேன்?" என்பான். கொழுப்பு பிடித்தவன். நல்ல வேலைக்காரன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இருசப்பன் அப்படித் தட்டி அனுப்பப்பட்டவன். பக்கத்து ஊர்ப் பெரிய பண்ணை சின்னக்கண்ணுவின் கரும்புக் கொல்லையில் வெட்டுக்கூலி. தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டில் கொடுத்த வாயில் துணியை என்னிடம்தான் தைத்தான். அதைப் போட்டுக்கொண்டு பெண்டாட்டி பச்சையம்மாளோடு போட்டோ எடுக்க வந்தான். சேர்ந்து உட்கார அவளுக்கு வெட்கம். வாசல்படியில் நின்றுகொண்டு அவனை மட்டும் உள்ளே தள்ளினாள். ஆணியில் தொங்கிய கோட்டை அவன் பார்த்தான்.

"அத போட்டுக்கலாமாண்ணே?"

"வேர்வ நாத்தம் ஏறிடும். சும்மா உக்காரு."

படத்தில் சட்டை வழியே பனியன் முழுக்கத் தெரிந்தது. நெஞ்சில் நான்கைந்து ஓட்டை. இடது பட்டை அறுந்து தைத்த முடிச்சு கூடத் தெரிந்தது. பச்சையம்மாளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. படத்தை என் கடையில் காட்டி, "இந்த முடிச்சு நான் தெச்சது" என்று சிரித்தாள். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். அவன் ஆயுசில் எடுத்த ஒரே படம் அதுதான்.

எண்பத்தேழில் இட ஒதுக்கீட்டு மறியல் வந்தது. ஒரு வாரம் ரோட்டில் ஒரு சக்கரம் உருளக் கூடாது என்று சாதிச் சங்கம் முடிவு செய்தது. என் கடையில் கொடி தைத்து மாளவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டோரத்துப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, தபால் இல்லை. சின்னசேலம் ரோட்டில் ஒரு மரம், அறுத்தவர்கள் நினைத்த பக்கம் விழாமல் மறுபக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கத்தில் கயிறு பிடித்து நின்றவன் இருசப்பன்.

நெஞ்சுக்கூடு போய்விட்டது. முகத்தில் ஒரு கீறல் கிடையாது. மாட்டு வண்டியில் ஊருக்குக் கொண்டுபோய் அன்றைக்கே புதைத்தார்கள். மறுநாள் காலையில் சங்கத்தின் செயலாளர் அன்புச்செல்வன் பச்சையம்மாள் வீட்டுச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றினான். நாளைக்குப் பண்ணை வீட்டுக் களத்தில் இரங்கல் கூட்டம், ஆளுயரப் படம் இல்லாவிட்டாலும் ஜன்னலளவு படமாவது வேண்டும் என்றான். சின்னக்கண்ணு கையால் மாலை போடப்போகிறார் என்றும் சொன்னான். அவள் படத்தை விடாமல் பிடித்துக்கொண்டாளாம்.

"பெருசு பண்ணிக்கினு இதையும் குடுத்துடுவீங்களா?"

"ரெண்டும் உனக்குத்தான்மா" என்று வாக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தான். அவளும் பின்னாலேயே நடந்து வந்து என் கடை வாசலில் உட்கார்ந்தாள்.

அன்புச்செல்வன் படத்தைப் பிச்சைமுத்து முன்னால் போட்டான். "இன்னாடா இது? ஓட்டப் பனியன். நம்ம சாதிக்காக உயிர விட்டவன் பிச்சக்காரன் மாதிரி இருந்தா ஊரு சிரிக்காது? பனியன் தெரியக் கூடாது."

"நான் எடுத்த படந்தான் தலைவரே. சரி பண்ணிடலாம்" என்றான் பிச்சைமுத்து. அன்று கொடுக்காத துண்டுக்கு இன்று வேலை வந்தது.

பழைய நெகட்டிவை எப்போதோ கரையான் தின்றிருந்தது. ஆகவே படத்தைப் பலகையில் ஒட்டி, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, படத்தையே படம் பிடித்துப் புது நெகட்டிவ் எடுத்தான். நெகட்டிவைத் திருத்துகிற டச்சிங் மேஜையில் அதைச் சாய்த்து வைத்தான். கீழே கண்ணாடி வெளிச்சத்தை மேலே தள்ளும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளைப் பனியன் கறுப்பாகத் திட்டாக இருக்கும், ஓட்டையும் தோள்பட்டையும் வெளிச்சம் ஊடுருவும்படி தெளிவாக இருக்கும். அந்தத் தெளிந்த இடங்களில் மருந்து தடவி, ஊசி போலச் சீவிய கெட்டிப் பென்சிலால் பொடிப்பொடியாகப் புள்ளி வைத்து வைத்துப் பனியன் அளவுக்குக் கறுப்பாக்கினால், அச்சில் எல்லாம் ஒரே வெள்ளையாக விழும். பனியனும் சட்டையும் ஒன்றாகிவிடும்.

ஓட்டைகள் சுலபமாக அடைந்தன. தைத்த முடிச்சு போயிற்று. தோள்பட்டைதான் சனியன். சின்னப் படமாக அச்சுப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய இடத்தைப் பென்சிலால் நிரப்பி ஜன்னலளவு பெரிதாக்கினால் புள்ளி ஒவ்வொன்றும் மிளகு மாதிரி தெரியும். பெரிதாக்கும் விளக்கில் ஏற்றி வெறும் பலகையில் வெளிச்சத்தை விழவைத்துப் பார்த்தான். தோள் இரண்டும் சொறி பிடித்த மாதிரி இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பனியனையும் சாம்பலாக்கிட்டா? சட்ட முழுக்க ஒரே நிறமாயிடுமே" என்றேன்.

"அழுக்குச் சட்ட போட்ட தியாகியா? செயலாளர் என்னையே அறுத்துப் போட்டுடுவான்."

விழுப்புரத்திலிருந்து வரவேண்டிய, படம் அச்சுப் போடும் புரோமைடு தாள், மரம் சாய்ந்த ரோட்டில் எந்தப் பக்கத்திலோ கிடந்தது. அவனிடம் மிஞ்சியது ஒரே ஒரு பெரிய தாள். சோதித்துப் பார்க்கச் சின்னத் தாள் ஒன்றுகூட இல்லை. தாள் இருந்திருந்தால் இருசப்பன் படத்துக்கு ஒரு பிரதி போட்டு, அதை வெட்டி, கோட்டுப் போட்ட யாராவது உடம்பில் ஒட்டியிருப்பான். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலை. பிரதிக்குத் தாள் இல்லை என்றதும் அவன் பார்வை அசல் படத்தின் மேல் போயிற்று. பிறகு வாசல் கண்ணாடிப் பெட்டியின் மேல் போயிற்று.

பெட்டியில் மூன்று படங்கள். ஒன்று கல்யாண ஜோடி, ஒன்று தவழும் குழந்தை, இன்னொன்று கோட்டும் டையும் போட்டு நாற்காலிக் கையில் கைவைத்து உட்கார்ந்த இளைஞன். பிச்சைமுத்து எல்லாரையும் ஒரே ஸ்டூல் தூரத்தில் வைத்து, ஒரே பக்கமிருந்து விளக்கடிப்பான். அதனால் தலையளவும் சரி, நிழலும் சரி, இரண்டு படத்துக்கும் அச்சாகப் பொருந்தின.

"டேய், அது பண்ணையார் மவன் தமிழரசன்டா" என்றேன்.

"தலையத்தான வெட்டப்போறேன். கோட்டு ஸ்டுடியோ கோட்டு. கோட்டுக்கு மூஞ்சி ஏது?"

பச்சையம்மாள் கொடுத்த படத்தில் கத்தரிக்கோலை வைத்தான். தாடையையும் காதையும் சுற்றிக் கழுத்து வரைக்கும் வெட்டினான். வெட்டிய விளிம்பின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கித் தமிழரசன் கழுத்தின் மேல் ஒட்டினான். இணைப்பில் தூரிகையால் சாயம் தொட்டு மூடினான். இருசப்பன் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தான். ஓட்டைப் பனியன் போட்ட மார்பு மேஜைக்குக் கீழே விழுந்தது. விஜயலட்சுமி கூட்டி அடுப்பில் போட்டாள். ஒட்டிய படத்தைப் பிச்சைமுத்து மறுபடி படம் பிடித்து, மிஞ்சியிருந்த பெரிய தாளில் அச்சுப் போட்டான். வாசலில் உட்கார்ந்திருந்தவளுக்கு இது எதுவும் தெரியாது. மறுநாள் கூட்டத்திலேயே இரண்டையும் வாங்கிக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

களத்தில் நல்ல கூட்டம். நான் தைத்த கொடிகள் சுற்றிலும் பறந்தன. படம் மேஜை மேல் துணி மூடி இருந்தது. துணியை இழுத்ததும் கூட்டம் 'வாழ்க' என்றது. இருசப்பன் கலெக்டர் மாதிரி இருந்தான். கூட்டத்தில் ஒரு கிழவன், "கட்டன வேட்டிக்கு மாத்து வேட்டி இல்லாதவன், செத்தப்புறம் கோட்டுப் போட்டுக்கினான்" என்றான். பச்சையம்மாள் எழுந்து படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். முகத்தைத் தொட்டாள். பிறகு மார்பைத் தொட்டாள், தோளைத் தொட்டாள். எதையோ தேடினாள்.

"இது அவரு இல்லியே" என்றாள்.

"அழகா இருக்கான்மா, உக்காரு" என்று அன்புச்செல்வன் அவளை உட்காரவைத்தான்.

சின்னக்கண்ணு விளக்கேற்றினார். மாலை போட்டார். கற்பூரம் காட்டினார். கற்பூர வெளிச்சம் நாற்காலிக் கையில் இருந்த அந்தக் கை மேல் விழுந்தது. சுண்டுவிரல் நுனி இல்லாத கை. தமிழரசன் ஐந்து வயதில் கரும்பாலையில் கை வைத்து இழந்த நுனி. பிச்சைமுத்து பனியனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தானே தவிர விரலை எண்ணவில்லை. பெற்றவன் எண்ணுவான் அல்லவா? தட்டு கீழே விழுந்தது.

மகன் சென்னையில் படித்துக்கொண்டிருந்தான். மறியல் தொடங்கியதிலிருந்து அவனிடமிருந்து ஒரு தகவல் இல்லை. உயிரோடிருக்கிற பிள்ளையின் உடம்புக்குத் தன் கையாலேயே விளக்கேற்றி, மாலை போட்டு, கற்பூரமும் காட்டிவிட்டார். அதை நினைத்ததும் அந்த மனிதர் நடுங்கியது நடிப்பில்லை. ஆனால் நடுக்கம் நின்றதும் வெளியே வந்தது வேறு.

"எம்மவன் கழுத்துல எங்கொல்லையில கரும்பு வெட்டறவன் தலையா? கூப்புடுடா அந்த நாய!"

கூப்பிட வேண்டியதே இல்லை. பிச்சைமுத்து பாராட்டு வாங்க முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தான். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "பனியன் தெரியக் கூடாதுன்னு செயலாளர் சொன்னாருங்க" என்றான். அன்புச்செல்வன், "பனியன மறைக்கச் சொன்னேன், பண்ணையார் பிள்ளைய வெட்டச் சொன்னேனா?" என்று அவனை ஓர் உதை விட்டான். தலைவர்களுக்குக் காலும் வாயும் ஒரே வேகம்.

ஆள் அனுப்பி, மேஜையில் கிடந்த இரண்டு நெகட்டிவையும் ஒட்டுப் படத்தையும் கொண்டுவந்தார்கள். எது எந்தப் படம் என்று பார்க்காமலே நெகட்டிவ் இரண்டையும் கற்பூரத்தில் பொசுக்கினார்கள். பெரிய படத்தையும் எறியப் போனபோது பச்சையம்மாள் குறுக்கே விழுந்தாள்.

"ஐயா, எங்கிட்ட வேற படம் இல்லீங்கையா. இதத் தவுர ஒன்னும் இல்லீங்க."

சின்னக்கண்ணு கொஞ்ச நேரம் யோசித்தார். பெரிய மனிதர் அல்லவா, நியாயம் சொல்ல வேண்டும். "அவ புருசன் அவளுக்கு. எம்புள்ள எனக்கு. கழுத்தோட வெட்டிக் குடு" என்றார்.

என் இடுப்பிலிருந்த கத்தரிக்கோலை யாரோ உருவினார்கள். பிச்சைமுத்து மண்டியிட்டு, எல்லாரும் பார்க்கப் பெரிய படத்தைக் கழுத்தோடு வெட்டினான். ஒட்டுப் படத்தையும் அதே இடத்தில் வெட்டினான். உடம்புகளைப் பண்ணையார் துண்டில் சுற்றி வீட்டுக்குள் கொண்டுபோனார். தலை இரண்டையும் அவள் மடியில் போட்டார்கள், ஒன்று பூசணி அளவு, ஒன்று எலுமிச்சை அளவு. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரித்தவன் யார் என்று தெரிந்திருந்தால் அவன் வாயைத் தைத்திருப்பேன். உண்மையில் பலர் சிரித்தார்கள்.

"ஒடம்பு எங்கண்ணே?" என்று அவள் பிச்சைமுத்துவைக் கேட்டாள். "என் படத்துல இருந்த ஒடம்பு?"

"அது கிழிஞ்ச பனியன்மா. அடுப்புல போட்டாச்சு" என்றான், வாய் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

மறியல் முடிந்தது. மரங்களை அப்புறப்படுத்தினார்கள். பஸ் ஓடியது, தாள் வந்தது, தமிழரசனும் முழுசாக வந்து சேர்ந்தான். திருஷ்டி கழிய அவனை மறுபடி ஒரு படம் எடுத்தார்கள். அதையும் பிச்சைமுத்துதான் எடுத்தான். உதைத்தவர்களுக்கே ஓடி ஓடி வேலை செய்கிற ஜாதி அவன். மெல்லிசான பட்டுச் சட்டை போட்டு வந்த பையனுக்கு அவனே குனிந்து உள்ளே துண்டு பரப்பி, சுருக்கம் நீவி, கோடு தெரியாமல் எடுத்துக் கொடுத்தான்.

அந்த வாரமே பச்சையம்மாள் வந்தாள். நான் ஸ்டுடியோவுக்குள் திரைச்சீலைக்கு வளையம் தைத்துக்கொண்டிருந்தேன். மடியிலிருந்து துணி மூட்டை ஒன்றை அவிழ்த்தாள். தலைதீபாவளி வாயில் சட்டையும் அந்தப் பனியனும். இரண்டும் துவைத்து மடித்திருந்தன. மேலே அந்தச் சின்னத் தலை.

"அண்ணே, இத ரெண்டையும் யாருக்காவது போட்டு உக்கார வெச்சி எடுங்க. இந்தத் தலைய வெச்சிக் குடுங்க. பனியன் தெரியற மாதிரி எடுங்க. அப்பத்தான் அவரு மாதிரி இருக்கும்."

"செத்தவன் தலைக்குக் கீழ எவன்மா உக்காருவான்? பண்ணையார் வூட்டுல நடந்தத பாத்த இல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். பிச்சைமுத்துவும் பார்த்தான். எனக்கு இரண்டு பிள்ளைகள். நான் ஊசியில் நூல் கோத்தேன்.

"அப்ப நான் உக்கார்றேன்" என்றாள். "நான் போட்டுக்கறேன் அவரு சட்டைய. எங்கழுத்துக்கு மேல அவரு தலைய வெச்சிடுங்க."

பிச்சைமுத்து வாய்விட்டுச் சிரித்தான். "பொம்பள ஒடம்பும்மா அது. அந்தத் துணியில எல்லாந் தெரியும். எத்தினிய மறைப்பேன் நான்?" என்றான். உள்ளேயிருந்த விஜயலட்சுமியும் சிரித்தாள். தோளை மூடத் தெரிந்த அவளாவது ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். வரவில்லை.

பச்சையம்மாள் கோபப்படவில்லை. அதற்குள் அவள் சட்டையைப் புடவைக்கு மேலேயே போட்டுப் பித்தானையும் பூட்டியிருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து தலையை நேராக வைத்துக்கொண்டு, பிச்சைமுத்து விளக்கைப் போடுவான் என்று காத்திருந்தாள்.

அவன் விளக்கைப் போடவில்லை. வெளியே ஒரு கல்யாண கோஷ்டி வந்து நின்றது. "எந்திரிம்மா, நல்ல காரியத்துக்கு வந்திருக்காங்க, தாலியறுத்தவ எதிர்ல உக்காந்திருக்கக் கூடாது" என்று சொல்லிக் கையைப் பிடித்து எழுப்பிப் பின்கட்டு வழியாக அனுப்பினான். சட்டையைக் கழற்றக்கூட நேரம் கொடுக்கவில்லை. புருசன் சட்டையோடு அவள் கடைத்தெருவில் நடந்து போனாள்.